ஒரு குளிசைக்கு இரண்டு வேலை

பேசாலையில் அமிர்தநாயகத்தின் வீட்டு விறாந்தையில் அந்த ஞாயிற்றுக்கிழமை யார் யார் எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தேத்தண்ணி எந்தப் பக்கம் ஊற்றுண்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

காற்றாடிக்கு நேர் கீழே, வீட்டிலேயே நல்ல கதிரையில், மாப்பிள்ளையின் தாய் அருளம்மா இருந்தார். நானாட்டானிலிருந்து வந்தவர். பக்கத்தில் அவருடைய தமையன் வின்சன்ட், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு. மாப்பிள்ளை நிறோஜன் யன்னலோரம். அங்கே காற்று வராது, ஆனால் குசினி வாசல் தெரியும். எதிரே, அலுமாரியில் முதுகு முட்ட, பெண்ணின் தகப்பன் அமிர்தநாயகம். பெண் சுவேதினி குசினித் திரைக்குப் பின்னால். பெண்ணின் தாய் பெற்றிசியா எங்கும் உட்காரவில்லை. குசினி நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எல்லாவற்றையும் கண்ணால் நடத்திக்கொண்டு நின்றாள்.

அவள் ஆயத்தங்களில் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று நாளாக மனிசனின் வாயில் ஒரு சொட்டுச் சாராயம் படவிடவில்லை. பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் தொடுகிற ஆள்தான். என்றாலும் வாசம் வந்துவிடக் கூடாது. நித்திரை முகம் தெரியக் கூடாதென்று விடிய இரண்டு கோப்பை கட்டிக் கோப்பி கொடுத்தாள். ஆட்கள் முன்னால் இருமித் தொலைக்கக் கூடாதென்று, அலுமாரிக்குள் மாதா சுரூபத்துக்குப் பின்னால் கிடந்த நீலப் பம்மை எடுத்து வாயில் வைத்து நாலு தரம் அடிக்கச் சொன்னாள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'சளிப் பம்'.

முதல் கோப்பையைப் பெண்ணின் தகப்பன் தன் கையால் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் கொடுக்க வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். அமிர்தநாயகம் எழும்பித் தட்டத்திலிருந்து கோப்பையை எடுத்தார். எடுத்த உடனேயே கோப்பையும் பீரிசும் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின. முதலில் மெல்லக் கிணுகிணுத்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவருக்கு உறைத்ததும், கோயில் மணி மாதிரி அடித்தது. வின்சன்ட் இரண்டு கையையும் நீட்டினார். தேத்தண்ணி அந்தக் கைகளைத் தாண்டி நேரே மடியில் போய் இறங்கியது.

"ஆத்தே!" என்று துள்ளி எழும்பினார் வின்சன்ட். வேட்டியை உதறிக்கொண்டு, சிரிப்புமில்லாமல் கோபமுமில்லாமல், "என்ன அண்ணை, பூசை முடியமுந்தியே தொடங்கியாச்சுப் போலை?" என்று கேட்டார்.

"கடவுளாணை, நான் ஒண்டும் எடுக்கேல்லை" என்றார் அமிர்தநாயகம்.

"எடுக்கிற ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

அருளம்மா போகும்போது பெற்றிசியாவின் கையைப் பிடித்து, "பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனால் என்ரை மனிசன் குடிச்சுத்தான் போனவர். குடிக்கிற வீட்டோடை நான் சம்பந்தம் வைக்கிறேல்லை எண்டு நேத்தி வைச்சனான். மாசக் கடைசியிலை முடிவு சொல்லுறன், என்ன?" என்றார்.

முடிவு என்னவென்று பெற்றிசியாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. வலப்பக்க நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது. அவளுக்கு ஒற்றைத் தலையிடி வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தியும் வரும். அதற்கெல்லாம் காரணம் மனிசன் என்பது அவளுடைய நெடுநாள் முடிவு.

"இந்த மனிசன் வள்ளத்து எஞ்சின் திருத்தேக்கை நட்டைக் கடலுக்குள்ளை விழுத்தினது போதாதெண்டு, இப்ப பிள்ளையின்ரை வாழ்க்கையையும் விழுத்திப்போட்டுது" என்று தலையில் சீலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். பிறசர் இருக்கிறதென்று போன வருடமே சொல்லியும், குளிசை வாங்கப் போகாமல் கடலைக் காட்டித் தப்பிக்கொண்டிருந்த மனிசனைப் பெற்றிசியா பஸ்சில் ஏற்றி, மன்னாருக்குக் கொண்டுபோய், டொக்டர் ஜெயந்தினிக்கு முன்னால் இருத்தினாள்.

டொக்டர் பிறசர் பார்த்தார். சிறிது நேரம் இருக்கவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டு தரமும் கூடியிருந்தது. பிறகு, "கை நடுங்குது எண்டீங்கள். மடியிலை வையுங்கோ பாப்பம்" என்றார்.

மடியில் வைத்த கை பூனைக்குட்டி மாதிரிப் படுத்திருந்தது.

"இப்ப ரெண்டையும் முன்னாலை நீட்டுங்கோ."

நீட்டியதும் நடுங்கியது. ஒரு கோப்பைத் தண்ணீரை மற்றக் கோப்பைக்குள் ஊற்றச் சொன்னார். மேசை குளித்தது. ஒரு கடதாசியில் நத்தைச் சுருள் கீறச் சொன்னார். அமிர்தநாயகம் கீறியது பற்றைக்குள் விழுந்த பின்னல் நூல் மாதிரி வந்தது.

"சும்மா இருக்கேக்கை நடுங்கேல்லை, வேலை செய்யேக்கைதான் நடுங்குது. நடையும் முகமும் நல்லாயிருக்கு. இது பாக்கின்சன் மாதிரித் தெரியேல்லை. குடும்பத்திலை வேறை ஆருக்கும்?"

"என்ரை ஐயாவுக்கு இருந்தது. ஊரிலை 'நடுங்கி மரியான்' எண்டுதான் அவருக்குப் பேர். குடிகாரன் எண்டு சனம் சொல்லும். ஆனால் டொக்டர், ஒரு புதினம்! ரெண்டு கிளாஸ் கள்ளுக் குடிச்சால்தான் அந்தாளின்ரை கை கல்லு மாதிரி நிக்கும்."

"உங்களுக்கும் அப்பிடியோ?"

அமிர்தநாயகம் ஓரக்கண்ணால் மனிசியைப் பார்த்தார். "தங்கச்சியின்ரை கலியாணத்திலை கொஞ்சம் எடுத்தனான். அண்டைக்குக் கேக் வெட்டிக் குடுத்தது நான்தான்."

டொக்டர் சிரித்தார். "அப்பிடித்தான் இந்த நடுக்கம். பரம்பரையா வாறது. கொஞ்சம் மது உள்ளை போனால் பலருக்குக் குறையும். பிறகு திருப்பி வரும். பழக்கமானால் வேறை பிரச்சினையும் வரும். அதாலை அது மருந்தில்லை. ஆனால் குடியாலை வாற நடுக்கமும் இல்லை."

பெற்றிசியாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. குடிவெறியென்று வின்சன்ட் சொன்னது வெறியில்லாததால் வந்த நடுக்கம்! அன்றைக்குச் சாராயப் போத்தலைப் பூட்டி வைத்துக் காரியத்தைக் கெடுத்தது அவள்தான்.

"உங்களுக்கு ஒரு வசதி இருக்கு" என்றார் டொக்டர். "பிறசரும் இருக்கு, நடுக்கமும் இருக்கு. புறொப்பிறனலோல் எண்டு ஒரு குளிசை. பிறசரையும் குறைக்கும், நடுக்கத்தையும் குறைக்கும்."

"ஒரே கல்லிலை ரெண்டு மாங்காய்!" என்றார் அமிர்தநாயகம்.

"ஆனால் எல்லாருக்கும் குடுக்கேலாது. தொய்வு இருக்கோ? சின்னனிலை இருந்ததோ? முட்டு, இழுப்பு ஏதும்?"

இங்கேதான் காரியம் பிழைத்தது.

அமிர்தநாயகத்துக்குச் சின்ன வயதில் தொய்வு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. தாய் அவரை மடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டுபோய், பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, மாதாவின் காலடியில் கிடத்திவிட்டாள். வருத்தம் நின்றது. பெற்றிசியா கலியாணம் முடித்து வந்த அன்றே மாமியார் சொன்ன முதல் சட்டம் இதுதான்: "மாதா எடுத்த வருத்தத்தின்ரை பேரை இந்த வீட்டுக்குள்ளை சொல்லக் கூடாது. சொன்னால், குடுத்ததைத் திருப்பித் தாங்கோ எண்டு கேட்ட மாதிரி." அதற்குப் பிறகும் கச்சான் காற்று அடிக்கும்போதும் கருவாட்டுத் தூசி பறக்கும்போதும் அவருக்கு நெஞ்சு விசிலடிக்கத்தான் செய்தது. அது சளி. தனியார் டொக்டர் தந்த பம், சளிப் பம். 'தொய்வு' என்ற சொல் மட்டும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

அமிர்தநாயகம் வாயைத் திறந்தார். பெற்றிசியா முந்திவிட்டாள்.

"ஐயோ, மடு மாதாவாணை அப்பிடி ஒண்டுமில்லை!"

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அன்றைக்கு நெஞ்சு சுத்தமாக இருந்தது. தொய்வு அப்படித்தான், வராத நாளில் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்காது. நாடியும் ஈசீஜீயும் சரி. சின்ன அளவில் தொடங்குவோம், பிறகு பார்த்துக் கூட்டுவோம் என்று எழுதிக் கொடுத்தார். "மூச்சு முட்டினால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனை வாங்கோ" என்றும் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம் அமிர்தநாயகம் ராசா மாதிரி இருந்தார். ஒரு கோப்பைத் தேத்தண்ணியை எடுத்து மற்றதுக்குள் ஊற்றினார். பீரிசில் நாலைந்து துளிதான். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ரொபின்சனைக் கூப்பிட்டு மறுபடி ஊற்றிக் காட்டினார்.

"நடுக்கம் முழுக்கப் போகேல்லை, ஆனால் பாதி போட்டுது, பாத்தியோ?"

"பாத்தன் பாத்தன். தேத்தண்ணியை எப்ப குடிக்கப் போறியள்?" என்றான் ரொபின்சன்.

பெற்றிசியா மாதாவுக்கு ஒரு திரி கொளுத்தினாள். நானாட்டான்காரரை மறுபடி கூப்பிட்டு, வின்சன்ட்டின் மடிக்கு நேரே கோப்பையைப் பிடிக்கவைக்கிற காட்சியை மனதில் பல தரம் ஓட்டிப் பார்த்தாள்.

வியாழன் விடிய எழும்பியபோது, பக்கத்தில் விசில் கேட்டது. கேத்தில் கொதிக்கிறதாக்கும் என்று குசினிக்குப் போனாள். அடுப்பு மூட்டவேயில்லை. திரும்பி ஓடிவந்தால், அமிர்தநாயகம் கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க இருந்தார். பம்மை அடித்தும் இந்த முறை அது சொல்லுக் கேட்கவில்லை.

"சளி..." என்றாள் பெற்றிசியா.

அவர் தலையை ஆட்டினார். மூச்சுக்கு மூச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "சளி... இல்லை... பெற்றி."

சுவேதினி ஏற்கனவே ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தாள். வழி முழுக்கப் பெற்றிசியா செபமாலையை உருட்டினாள், ஆனால் செபம் வரவில்லை. 'நான் சொன்ன ஒரு இல்லையாலை' என்பது மட்டும்தான் மணிக்கு மணி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு மருந்துப் புகை பிடிக்கவைத்து, வேறு மருந்தும் கொடுத்த பிறகு, அவருடைய தோள்கள் இறங்கின. மத்தியானம் டொக்டர் ஜெயந்தினி வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டில் ஓரமாக இருந்தார்.

"அம்மா, திருப்பிக் கேக்கிறன். தொய்வு இருந்ததோ?"

பெற்றிசியா சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். மடு, மெழுகுதிரி, மாமியாரின் சட்டம், கச்சான், கருவாடு, சளிப் பம்.

டொக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் மெழுகுதிரிக் கதையில் எங்கேயோ சிரிப்பும் வந்து கலந்துவிட்டது. "நானும் 'பம் ஏதும் பாவிக்கிறீங்களோ' எண்டு தனியாக் கேட்டிருக்கவேணும். ஆனால் அம்மா, மாதா சுகப்படுத்தினவ எண்டு சாட்சி சொல்லுறதெண்டால், முதல் என்ன வருத்தம் எண்டு சொல்லத்தானே வேணும்? வருத்தமே இல்லாத ஆளைச் சுகப்படுத்தினதிலை மாதாவுக்கு என்ன பெருமை?"

பெற்றிசியா அதை இரண்டு தரம் யோசித்தாள். இந்தப் பதிலைச் சொல்ல மாமியார் இப்போது உயிரோடு இல்லையே என்றிருந்தது.

"டொக்டர், ஆனால் இப்ப முந்தியை விடக் கூட நடுங்குதே?" என்றார் அமிர்தநாயகம். கட்டிலில் போர்வையோடு சேர்ந்து கை ஆடிக்கொண்டிருந்தது.

"அது நாங்கள் தந்த புகையாலை. உங்கடை நீலப் பம்மிலை இருக்கிறதும் அதே மருந்துதான். நெஞ்சைத் திறக்கும், கையை நடுங்க வைக்கும். புறொப்பிறனலோல் அதுக்கு எதிர்ப்பக்கம்: கையை நிப்பாட்டும், தொய்வுக்காரரின்ரை நெஞ்சை அடைக்கும், பம்மையும் வேலை செய்யவிடாது. சீசோப் பலகை மாதிரி."

பெற்றிசியாவின் முகம் கறுத்தது. "அப்ப, ஞாயிற்றுக்கிழமை... நாலு தரம் அடிக்கச் சொன்னது நான்தானே."

"கட்டிக் கோப்பியும் குடுத்தவ" என்றார் அமிர்தநாயகம் மெல்ல. "ரெண்டு கோப்பை."

"கோப்பியும் நடுக்கத்தைக் கூட்டும்" என்றார் டொக்டர்.

"சாராயத்தையும் பூட்டினவ."

"நீங்கள் சும்மா கிடவுங்கோ! மூச்சு வந்தவுடனை வாயும் வந்திட்டுது" என்றாள் பெற்றிசியா.

டொக்டர் அட்டையை எடுத்து, புறொப்பிறனலோலைக் குறுக்கே வெட்டி, சிவப்பு மையில் 'தொய்வு' என்று பெரிதாக எழுதினார். "இவருக்கு ஒரு கல்லிலை ரெண்டு மாங்காய் இல்லை. ரெண்டு கல்லு வேணும். பிறசருக்கு அம்லோடிப்பின்; அது நெஞ்சோடை சண்டைக்குப் போகாது, ஆனால் நடுக்கத்துக்கு ஒண்டும் செய்யாது. நடுக்கத்துக்கு பிறிமிடோன். அது பிறசர்க் குளிசை இல்லை. இரவிலை மிகச் சின்னத் துண்டாத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவேணும். முதலிலை நித்திரை தூக்கும், தலை சுத்தும். சரியான பலன் தெரிய வாரக் கணக்காகும். நரம்பு வைத்தியருக்கும் காட்டுவம். தொய்வுக்கு ஒழுங்கான பம்மும் தாறன், நீலத்தை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கேலாது."

"வாரக் கணக்கோ?" பெற்றிசியா நெற்றியைப் பிடித்தாள். "மாசக் கடைசியிலை அவையள் முடிவு சொல்லப் போகினம்."

"உங்களுக்கு என்ன, தலையிடியோ?"

"வலப்பக்கம் மட்டும். மாசத்திலை ஏழெட்டு நாள் படுக்கையிலை போட்டுடும். இந்த மனிசனாலை."

டொக்டர் அவளுடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தார். கடைசி இரண்டு கிளினிக்கிலும் பிறசர் கூடியிருந்தது. உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொல்லி எழுதியிருந்தது. பேசாலையில் இருந்துகொண்டு அதை யார் குறைப்பது? இப்போதும் பார்த்தார், இறங்கவில்லை. தலையிடியைப் பற்றி நிறையக் கேட்டார்.

"இனிக் குளிசை தொடங்கத்தான் வேணும். தொய்வு?" என்று கேட்டுவிட்டு, விரலை உயர்த்தினார். "இந்த முறை மாதாவை இழுக்கக் கூடாது."

"எனக்குத் தொய்வு இல்லை. என்ரை தாய்க்கில்லை, தகப்பனுக்கில்லை, சித்திக்கு இருந்தது. சின்னனிலை ஒருக்கா மூக்குக்குள்ளை புளியங்கொட்டை போனது. மழைக்குத் தும்முவன். நாய் கடிச்சது..."

"போதும், போதும்! சீனி வருத்தம்?"

"இல்லை. கொழுக்கட்டை நிறையச் சாப்பிடுவன்."

நெஞ்சைக் கேட்டார், நாடி பார்த்தார், ஈசீஜீ எடுப்பித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதுவதைத் தலைகீழாக வாசித்த அமிர்தநாயகம் கட்டிலில் நிமிர்ந்தே விட்டார்.

"டொக்டர், இது என்ரை குளிசை எல்லோ!"

"ஓம், அதே புறொப்பிறனலோல்தான். ஒற்றைத் தலையிடி அடிக்கடி வராமல் தடுக்கவும் அது உதவும், பிறசரையும் குறைக்கும். இவவுக்குத் தொய்வும் இல்லை, நாடியும் நல்லாயிருக்கு. தலையிடி குறையுதோ எண்டு பாக்க ரெண்டு மூண்டு மாசம் பொறுக்கவேணும். நான் சொல்லாமல் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. அதோடை, அவரின்ரை பைக்கற்றை நீங்கள் எடுக்கிறேல்லை, அதைக் கொண்டுவந்து தாங்கோ. உங்கடை அட்டைக்கு உங்கடை மருந்து."

"மரம் என்ரை, மாங்காய் உவவுக்கு" என்றார் அமிர்தநாயகம்.

"தலையிடி மனிசனாலை வாறேல்லையோ, டொக்டர்?" பெற்றிசியா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாத கவலை தலையிடியைக் கூட்டும். மனிசன் எண்டு பேர் சொல்லி நான் எழுத மாட்டன்."

"அப்ப, இவர் குடிகாரன் இல்லை எண்டு சம்பந்தி வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோவன்."

"வருத்தக்காரரின்ரை விசயம் அவருக்குச் சொந்தம், அம்மா. அவரே எழுதட்டும்."

அடுத்த ஞாயிறு பின்னேரம், தேத்தண்ணி ஊற்றுண்ட அதே விறாந்தையில் ஒரு ஸ்டூலை இழுத்து வைத்து, அமிர்தநாயகம் கோடு போட்ட கடதாசியில் எழுதத் தொடங்கினார். சுவேதினி தான் போனில் அடித்துத் தருவதாகச் சொன்னாள்.

"போனிலை அடிச்சால் நடுக்கம் தெரியாது" என்றார். "நடுக்கம்தான் என்ரை சாட்சி."

எழுத்துகள் கடல் கொந்தளிப்பில் போகிற வள்ளங்கள் மாதிரி ஏறி இறங்கின. முடிந்ததும் வாசித்துக் காட்டினார்.

"'மதிப்புக்குரிய அருளம்மா அவர்கட்கு. தங்கள் தமையனாரின் வேட்டிக்கு முதலில் மன்னிப்பு. இக்கடிதம் எழுதும்போது நான் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எழுத்து முத்துமுத்தாய் இருந்திருக்கும். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் எடுப்பவன் என்பதையும் மறைக்கவில்லை. இது என் தகப்பன் வழி வந்த நடுக்கம். வைத்தியரின் அட்டையை நேரில் காட்டத் தயார். இது பிள்ளைகளுக்கும் வரக்கூடும், வராமலும் விடலாம். பாதிக்குப் பாதி என்று வைத்தியர் சொன்னார்...'"

"நிப்பாட்டுங்கோ!" என்றாள் பெற்றிசியா. "கடைசி வசனத்தை வெட்டுங்கோ. உங்களை ஆரும் அதைக் கேட்டவையே? குடிகாரன் எண்ட பேர் போனால் காணாதோ? வலியப் போய்ப் பிள்ளைக்கு வருத்தம் வரும் எண்டு ஆராவது எழுதுவினமோ!"

அமிர்தநாயகம் பேனையை அவளிடம் நீட்டினார். "நீ சொல்லு, வெட்டுறன். ஆனால் பெற்றி, போன கிழமை நீ 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னதோடை எனக்கு மூச்சுப் போகப் பாத்தது."

பேனை இருவருக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. பெற்றிசியா அதை வாங்கவில்லை.

சுவேதினி திரைக்குப் பின்னாலிருந்து வந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். விரல் அசையவில்லை. "இப்ப நடுங்கேல்லை. நாளைக்கு நடுங்கினால் நானும் குளிசை போடுவன். இதெல்லாம் நிறோஜனுக்கு நான் எப்பவோ சொல்லிப்போட்டன். மாமிக்குத்தான் தெரியாது."

"எப்பவோ எண்டால், எப்ப?" என்றாள் தாய்.

சுவேதினிக்குத் திடீரென்று குசினியில் வேலை வந்துவிட்டது.

பெற்றிசியா கதிரையை இழுத்து மனிசனுக்குப் பக்கத்தில் இருந்தாள். "வெட்ட வேண்டாம். கீழை இன்னும் ஒண்டு எழுதுங்கோ. அவருக்குத் தொய்வும் இருக்கு எண்டு எழுதுங்கோ. மடு மாதா எடுத்தவ, கச்சானுக்குக் கொஞ்சம் திரும்பி வந்திருக்கு எண்டும் எழுதுங்கோ."

"அது கலியாணத்துக்கு என்னத்துக்கு?"

"எழுதுங்கோ எண்டால் எழுதுங்கோ. ஒரேயடியாச் சொல்லி முடிப்பம். பேந்து அந்தப் பொம்பிளை ஒரு கேள்வி கேக்க, நான் பழக்கத்திலை இல்லை எண்டு சொல்லிப்போடுவன்."

அவர் எழுதினார். கடதாசியை மடித்து உறைக்குள் வைக்கும்போது உறை மூன்று தரம் வாயை மூடிக்கொண்டது. பசை உறையில் பட்டதை விட அவருடைய விரலில்தான் கூடப் பட்டது. பெற்றிசியா வாங்கி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"விலாசத்தை நான் எழுதுறன்" என்றாள். "தபால்காரனுக்கு உங்கடை சாட்சி தேவையில்லை."

திங்கள் காலை இருவருமாகத் தபால் கந்தோருக்குப் போனார்கள். முத்திரையை அவள் ஒட்டினாள். பெட்டியில் போடுவதை மட்டும் தானே செய்வதாக அவர் பிடிவாதமாக நின்றார். உறை பெட்டி வாயின் இந்த ஓரத்தில் தட்டி, அந்த ஓரத்தில் தட்டி, கிணுகிணுவென்று கதைத்தது. பெற்றிசியா கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் பொறுத்து நின்றாள். நாலாவது தட்டில் கடிதம் தானாகவே வழியைக் கண்டுபிடித்து உள்ளே விழுந்தது.